ஒரே 60 மில்லிநொடி, இரண்டு விளைவளவுகள்: எதனால் வகுப்பது?

உளவியல் ஆய்வகப் பயிற்சியில் பெரும்பாலோர் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கும் சோதனை ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்தது. திரையில் "சிவப்பு" என்ற சொல் சிவப்பு நிறத்திலேயே தோன்றினால் அந்த நிறத்துக்கான விசையை விரைவாக அழுத்திவிடுகிறோம். அதே சொல் பச்சை நிறத்தில் தோன்றினால், எழுத்தைப் படிக்காமல் நிறத்தை மட்டும் சொல்ல முயலும்போது கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை மில்லிநொடிகளில் அளந்து, அறிக்கையில் t மதிப்பையும் p மதிப்பையும் எழுதி, அவற்றுக்குப் பக்கத்தில் "விளைவளவு d = 1.25, மிகப் பெரியது" என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 1.25 எதை எதனால் வகுத்து வந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. அதே தரவிலிருந்து, ஒரு கணக்குப் பிழையும் இல்லாமல், 0.57 என்றும் எழுதியிருக்க முடியும். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்களோடு தொடங்குகிறேன். 24 பேர் சோதனையில் கலந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவரும் சொல்லும் நிறமும் பொருந்தும் நிலை, பொருந்தாத நிலை இரண்டையும் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நிலைக்கு ஒன்றாகச் சராசரி எதிர்வினை நேரத்தைக் கணக்கிட்ட பிறகு, பொருந்தும் நிலையில் 24 பேரின் சராசரி 640 மில்லிநொடி, திட்ட விலக்கம் 100. பொருந்தாத நிலையில் சராசரி 700, திட்ட விலக்கம் 110. இரு நிலைகளின் நேரங்களுக்கு இடையே ஒட்டுறவு 0.90, அதாவது இயல்பாகவே வேகமானவர்கள் இரண்டிலும் வேகமாகவும், நிதானமானவர்கள் இரண்டிலும் நிதானமாகவும் இருக்கிறார்கள். சராசரி வேறுபாடு 60 மில்லிநொடி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேறுபாட்டைக் கண்டு, அந்த 24 வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தை எடுத்தால் 47.96 வரும். இணைத் தரவுக்கான t சோதனை t(23) = 6.13, p < .001 என்று முடிகிறது.

இங்கே p சொல்வது ஒன்றே ஒன்று: இரு நிலைகளுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இத்தனை பெரிய அல்லது இதைவிடப் பெரிய t மதிப்பு தற்செயலாகக் கிடைப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த வேறுபாடு 60 மில்லிநொடியா, 6 மில்லிநொடியா என்பதை p சொல்லாது. ஆள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் 6 மில்லிநொடிக்கும் இதே p கிடைத்துவிடும். இதனால்தான் அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த புள்ளியியல் குழு, 1999-இல் வெளியான தன் அறிக்கையில், முதன்மை முடிவுகளுக்கு எப்போதும் விளைவளவைத் தர வேண்டும் என்று எழுதியது. அந்தப் பரிந்துரையின் முதல் பாதி மட்டுமே நினைவில் தங்கிவிட்டது என்பது என் வருத்தம். அளவீட்டு அலகு நடைமுறையில் பொருளுள்ளதாக இருந்தால் தரப்படுத்தாத வேறுபாட்டையே முதலில் விரும்ப வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மில்லிநொடி அப்படிப்பட்ட அலகு. ஆகவே நம் அறிக்கையில் முதலில் நிற்க வேண்டிய விளைவளவு 60 மில்லிநொடியே. தரப்படுத்திய எண் அதற்கு அடுத்து வருவது.

தரப்படுத்துதல் என்றால், சராசரி வேறுபாட்டை ஏதாவது ஒரு திட்ட விலக்கத்தால் வகுத்து அலகை நீக்கிவிடுவது. இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும் சோதனையில் வகுப்பதற்கு உரியது ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கிறது. இரு குழுக்களின் திட்ட விலக்கங்களையும் ஒன்றுசேர்த்து எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஆள் இரு நிலைகளையும் செய்யும் சோதனையில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. வேறுபாடுகளின் திட்ட விலக்கமான 47.96-ஆல் 60-ஐ வகுத்தால் 1.25. இதை d_z என்று குறிக்கிறார்கள். அப்படியன்றி, இரு நிலைகளில் ஆள்களுக்கிடையே இருக்கும் திட்ட விலக்கங்களின் சராசரியை எடுத்து, அதாவது 100-இன் வர்க்கத்தையும் 110-இன் வர்க்கத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு வரும் 105.1-ஆல் வகுத்தால் 0.57. இது d_av. பொருந்தாத நிலையின் 24 சராசரிகள் inc என்றும், பொருந்தும் நிலையினவை con என்றும் இருந்தால், R மொழியில் இரண்டும் மூன்று வரிகளில் அடங்கிவிடும்:

```r
d   <- inc - con
dz  <- mean(d) / sd(d)
dav <- mean(d) / sqrt((var(inc) + var(con)) / 2)
```

இவற்றில் எது சரி என்று கேட்பது பயன் தராது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். வேறுபாடுகள் இயல்நிலைப் பரவலில் அமைந்திருப்பதாகக் கொண்டால், d_z = 1.25 என்பதற்குப் பொருள், நூறு பேரில் ஏறக்குறைய 89 பேர் பொருந்தாத நிலையில் தங்களுடைய சொந்த வேகத்தைவிடத் தாமதமாகிறார்கள் என்பது. d_av = 0.57 வேறொன்றைச் சொல்கிறது. பொருந்தாத நிலையிலிருந்து யாரோ ஒருவரையும், பொருந்தும் நிலையிலிருந்து வேறு யாரோ ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து ஒப்பிட்டால், முதலாமவர் தாமதமானவராக இருக்கும் வாய்ப்பு சுமார் 66 விழுக்காடு மட்டுமே. காரணம் எளிது. மனிதர்களின் பொது வேகத்தில் இருக்கும் வேறுபாடு நூறு மில்லிநொடி அளவில் பரவிக் கிடக்கிறது. அந்தப் பரவலுக்கு நடுவே 60 மில்லிநொடி என்பது நடுத்தரமான நகர்வு. ஆனால் ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடும்போது அந்தப் பொதுப் பரவல் கழிந்துபோய், நகர்வு மட்டும் துலக்கமாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒட்டுறவின் பங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரு நிலைகளின் திட்ட விலக்கங்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது, d_z என்பது d_av-ஐ √(2(1 − r)) ஆல் வகுத்துக் கிடைப்பதற்குச் சமம். ஒட்டுறவு r 0.5 ஆக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். r அதைவிடக் கூடக்கூட d_z மேலே ஏறும். நம் தரவில் சராசரிகளையும் திட்ட விலக்கங்களையும் அப்படியே விட்டுவிட்டு, ஒட்டுறவை மட்டும் 0.90-இலிருந்து 0.50-க்கு இறக்கினால், வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 105.4 ஆக உயர்ந்து, d_z 0.57-க்கு இறங்கி, t-யும் 2.79 ஆகச் சுருங்கிவிடும். 60 மில்லிநொடியும் d_av-உம் இம்மியும் அசையவில்லை. ஒட்டுறவோ, மனித மனத்தின் இயல்பை மட்டும் பொறுத்தது அன்று. ஒரு நிலைக்கு 20 முறை அளந்தோமா 200 முறை அளந்தோமா என்பதையும் அது பொறுத்தது. முயற்சிகள் கூடும்போது ஒவ்வொருவரின் சராசரியிலும் இருக்கும் அளவீட்டு இரைச்சல் குறைந்து, ஒட்டுறவு உயர்கிறது. இரைச்சல் குறைவதால் d_av-உம் சிறிது கூடும் என்றாலும், d_z கூடுவதுபோல் அன்று. ஆகவே இரு ஆய்வகங்களின் d_z மதிப்புகளை ஒப்பிடுபவர், தம்மை அறியாமல், அந்த ஆய்வகங்கள் எத்தனை முயற்சிகளை வைத்தன என்பதையும் சேர்த்தே ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

எனவே தேர்வு, அந்த எண்ணை அடுத்து யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதே வடிவமைப்பில் சோதனையைத் திரும்பச் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுபவருக்கு d_z தேவை. G*Power மென்பொருள் இணைத் தரவுக்குக் கேட்பதும் அதையே. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பவருக்கு, அவற்றுள் சில தனிக்குழு ஆய்வுகளாக இருக்கும்போது, d_av-தான் ஒப்பிடத்தக்கது, ஏனென்றால் அது ஆள்களுக்கிடையே உள்ள பரவலை அளவுகோலாகக் கொண்டது. இதை மாற்றிப் போட்டால் நேரும் சேதத்தை எண்ணாலேயே காட்டிவிடலாம். ஒருவர் நம் அறிக்கையில் d = 1.25 என்று மட்டும் படித்துவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு நிலையை மட்டுமே செய்யும் தனிக்குழுச் சோதனையைத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 80 விழுக்காடு திறனுக்குக் குழுவுக்குச் சுமார் 12 பேர் போதும் என்று அவருக்கு விடை வரும். அவர் பயன்படுத்தியிருக்க வேண்டிய 0.57-க்கோ குழுவுக்குச் சுமார் 50 பேர் வேண்டும். 12 பேரோடு தொடங்கினால், உண்மையிலேயே இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்க அவருக்குக் கிட்டும் வாய்ப்பு நான்கில் ஒன்றை ஒட்டியதுதான். சோதனை தோற்றுவிட்டால் நம் முடிவை மீண்டும் காண முடியவில்லை என்று அவர் எழுதுவார். தவறு அவருடையது மட்டும் அன்று. எந்த d என்று எழுதாமல் விட்ட நாமும் அதில் பங்காளிகள்.

ஜேக்கப் கோஹென் தந்த 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்ற அளவுகோலை இயந்திரத்தனமாகப் பூசுவதை நான் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம். கோஹெனே அந்த எண்களைத் தயக்கத்தோடு, வேறு நல்ல அடிப்படை கிடைக்காத இடத்துக்காகவே முன்வைத்தார். நம் தரவில் ஒரே 60 மில்லிநொடி, ஒரு வகுத்தலில் "மிகப் பெரியது", இன்னொரு வகுத்தலில் "நடுத்தரம்" என்று பெயர் பெறுகிறது. அப்படியானால் அந்தப் பெயர், விளைவைவிட வகுத்தியைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறது. அந்த அடைமொழியை விட்டுவிட்டு, அதே வகைப் பணியில், அதே வகுத்தியோடு, முந்தைய ஆய்வுகளில் வந்த மதிப்புகளுக்குப் பக்கத்தில் நம் எண்ணை வைத்துப் பேசுவது படிப்பவருக்கு உதவும்.

மென்பொருள் இதில் நம்மைக் காப்பாற்றுவதில்லை. SPSS-இன் 27-ஆம் பதிப்பிலிருந்து t சோதனையோடு Cohen's d வருகிறது. ஆனால் இணைத் தரவில் அது வழக்கமாகத் தருவது வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தால் வகுத்த எண், அதாவது d_z. அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைக் குறித்திருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்காமல் மேலே உள்ள எண்ணை மட்டும் நகலெடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இன்னொருவர் அறிக்கையைப் படிக்கும்போது எந்த d என்று குறிப்பிடப்படாவிட்டால், t மதிப்பை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்க்கலாம். 6.13-ஐ √24-ஆல் வகுத்தால் 1.25, அறிக்கையில் உள்ள எண்ணும் அதுவேயானால் அவர் தந்தது d_z. இதைவிட மோசமான பிழையும் உண்டு. தனிக்குழுக்களுக்கு உரிய 2t/√df என்ற குறுக்குவழிச் சூத்திரத்தில் இணைத் தரவின் t-யை இட்டுவிடுவது. நம் தரவில் அது 2.56 என்ற எண்ணைத் தரும், அது எந்தக் கேள்விக்கும் விடை அன்று. எதிர்வினை நேர ஆய்வில் d இரண்டுக்கு மேல் போவதைக் கண்டால், நான் முதலில் இந்தச் சூத்திரத்தைத்தான் சந்தேகிப்பேன்.

இதே சிக்கல் மாறுபாட்டுப் பகுப்பாய்வில் வேறு உருவில் வருகிறது, அங்கே அது இன்னும் கடுமையானது. நம் தரவையே அந்த முறையில் பகுத்தால் F(1, 23) = 37.57. SPSS தரும் பகுதி ஈட்டா வர்க்கம், அதாவது η²p, .62 என்று வரும். "மொத்த மாறுபாட்டில் 62 விழுக்காட்டை இந்த நிலை விளக்குகிறது" என்ற வாக்கியத்தை இதற்குக் கீழே பார்ப்பது அரிதன்று, அது தவறு. பகுதி ஈட்டா வர்க்கம், ஆள்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, எஞ்சியதில்தான் பங்கு கேட்கிறது. விளைவுக்குரிய வர்க்கத் தொகை 43,200, பிழைக்குரியது 26,450. இவ்விரண்டை மட்டும் வைத்துத்தான் .62 வருகிறது. வெளியே தள்ளப்பட்ட, ஆள்களுக்குரிய வர்க்கத் தொகையோ 4,81,850. அதையும் உள்ளே கொண்டுவந்து கணக்கிட்டால் 43,200-ஐ 5,51,500-ஆல் வகுக்க வேண்டும், விடை .08. ஒலெய்னிக், அல்ஜினா இருவரும் 2003-இல் முன்வைத்த பொது ஈட்டா வர்க்கம், η²G, நம்முடையதைப் போன்ற எளிய வடிவமைப்பில் இந்த .08-தான். ஒரே ஆள் பல நிலைகளைச் செய்த ஆய்வையும் தனிக்குழு ஆய்வையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் இதைத் தருவதே முறை என்பது என் கருத்து. பகுதி ஈட்டாவைத் தந்தாலும், அதன் பெயரை முழுதாக எழுதிவிட வேண்டும்.

எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதன் நிலையின்மையையும் சொல்லியாக வேண்டும். சராசரி வேறுபாட்டின் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 40 முதல் 80 மில்லிநொடி. இவ்விரு எல்லைகளையும் 105.1-ஆல் வகுத்து, d_av-இன் இடைவெளி 0.38 முதல் 0.76 என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படி எழுதினால், 105.1 என்ற வகுத்தி ஐயமின்றித் தெரிந்த எண் என்று நாம் நடிப்பதாகிவிடும். அதுவும் 24 பேரிடமிருந்து மதிப்பிட்டதுதானே. அந்த மதிப்பீட்டின் தடுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளும் தோராயச் சூத்திரத்தில் இடைவெளி 0.33 முதல் 0.81 வரை சற்று விரிகிறது. இதோடு, சிறு மாதிரிகளில் d கொஞ்சம் மிகைப்பட்டே வரும் என்பதற்காக ஹெட்ஜஸ் 1981-இல் தந்த திருத்தம் ஒன்று இருக்கிறது. 1 − 3/(4df − 1) என்ற எண்ணால் பெருக்க வேண்டும். நம் தரவில் அந்தக் காரணி 0.967, ஆகவே 0.57 என்பது 0.55 ஆகிறது. 24 பேருக்கு இது சிறிய மாற்றமே. 10 பேர் மட்டுமே உள்ள சோதனையில் காரணி 0.914 என்பதால் கவனிக்காமல் விட முடியாது.

இத்தனையும் சேர்ந்து அறிக்கையில் எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. நான் இப்படி எழுதுவேன்:

"பொருந்தாத நிலையில் எதிர்வினை நேரம் (சராசரி 700, திட்ட விலக்கம் 110 மில்லிநொடி) பொருந்தும் நிலையைவிட (640, 100) 60 மில்லிநொடி கூடுதலாக இருந்தது, 95% நம்பிக்கை இடைவெளி [40, 80], t(23) = 6.13, p < .001. இரு நிலைகளின் திட்ட விலக்கங்களின் சராசரியால் தரப்படுத்திய விளைவளவு d_av = 0.57 [0.33, 0.81]; வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தால் தரப்படுத்தியது d_z = 1.25; நிலைகளுக்கிடையே ஒட்டுறவு r = .90."

கடைசியில் இருக்கும் அந்த ஒட்டுறவைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால், பின்னால் வருபவர் எந்த விளைவளவை வேண்டுமானாலும் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். சராசரிகளும் திட்ட விலக்கங்களும் மட்டும் இருந்து, t-யும் ஒட்டுறவும் இல்லாமற்போனால், அவர் ஊகிக்கத்தான் வேண்டும். p-க்கும் r-க்கும் புள்ளிக்கு முன் சுழியம் இடாமல், d-க்கு மட்டும் இட்டிருப்பதும் தற்செயல் அன்று. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடையில், ஒன்றைத் தாண்ட முடியாத எண்களுக்கு அந்தச் சுழியம் இல்லை. d ஒன்றைத் தாண்டலாம்.

அலகுக்குத் தனிப் பொருள் இல்லாத அளவைகளில் நிலைமை தலைகீழாகிறது. ஏழு புள்ளி மனநிலை வினாத்தாளில் இரு குழுக்களுக்கிடையே 0.4 புள்ளி வேறுபாடு என்றால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. அங்கே தரப்படுத்திய எண் முன்னுக்கு வருவது நியாயம். அப்போதும் ஒரு கண் வகுத்தியின் மேல் இருக்க வேண்டும். ஒரே கல்லூரியின் ஒரே வகுப்பிலிருந்து மட்டும் ஆள்களை எடுத்திருந்தால், அவர்களுக்கிடையே பரவல் குறைவாக இருந்து, அதே 0.4 புள்ளி பொதுமக்களிடம் தருவதைவிடப் பெரிய d-யைத் தரும்.

இனி, விளைவளவை எப்போது தருவது என்பது. p வரம்புக்குள் வந்தால் மட்டும் தருவது என்ற பழக்கம், வெளியாகும் எண்களை மேல்நோக்கியே தள்ளுகிறது. 24 பேர் கொண்ட இணைத் தரவுச் சோதனையில் p .05-க்குக் கீழே வர d_z குறைந்தது 0.42 இருந்தாக வேண்டும். உண்மை விளைவு 0.2 ஆக இருந்தாலும், வரம்பைத் தாண்டி அச்சேறும் ஒவ்வோர் எண்ணும் 0.42-க்கு மேலேதான் இருக்கும். 2015-இல் வெளியான கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஒட்டுறவு அளவில் மூல ஆய்வுகளின் சராசரி விளைவு .40 ஆகவும், திரும்பச் செய்தவற்றில் .20 ஆகவும் இருந்தது. இந்த வடிகட்டலுக்கு அந்தச் சரிவில் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

நம் சோதனையில் மூன்றாவதாக, நிறப்பெயர் அல்லாத எழுத்துக்கோவைகள் கொண்ட நடுநிலை ஒன்றும் இருந்தது என்று கொள்வோம். அது பொருந்தும் நிலையைவிட 8 மில்லிநொடி தாமதம், t(23) = 1.38, p = .18. "வேறுபாடு இல்லை" என்று எழுதிக் கடந்துவிடுவதே வழக்கம். இடைவெளியோ −4 முதல் 20 மில்லிநொடி வரை செல்கிறது. ஆள்களுக்கிடையே உள்ள திட்ட விலக்கம் இங்கும் 100-ஐ ஒட்டியது என்றால் d_av 0.08. ஆகவே எழுத வேண்டியது, பொருத்தத்தால் கிடைக்கும் வேகம் இந்தத் தரவின்படி 20 மில்லிநொடிக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் 10 அல்லது 15 மில்லிநொடி இருப்பதை இந்த 24 பேரை வைத்து மறுக்க முடியாது என்பதே.